கமாவுக்கு அந்தப் பக்கம்

இருபது வயது தாண்டிய காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எழுதியதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் புதிதாக மாட்டிய இங்கிலீஷ் போர்டு, சர்ச் வாசலில் ஒட்டிய அறிவிப்பு, எஸ்டேட் ஆபீசிலிருந்து அப்பாவுக்கு வரும் சர்க்குலர் என்று எதையும் விடமாட்டேன். அப்பா தலைச்சோலை பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். நாள் முழுக்கக் கணக்கெழுதிவிட்டு வந்து உட்காரும் மனிதரிடம் போய், உங்கள் துரை எழுதிய இந்த வரியில் இரண்டு தப்பு என்பேன். "காசு குடுக்குற எடமாப் பாத்துத் தப்புக் கண்டுபுடி சாமி, ஊட்டுல வேண்டாம்" என்பார் அவர்.

அப்படித்தான் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. ஏற்காட்டில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். மலையிலும் கீழே சேலத்திலும் இருந்த மிஷன் பள்ளிகளுக்கு வேண்டிய கேள்வித்தாள், ஆண்டுமலர், பயிற்சிப் புத்தகம் எல்லாம் அங்கேதான் அச்சாகும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கோர்க்கிற காலம் அது. கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி நேராக உள்ளே வந்துவிடும், காகிதம் நமுத்துப் போகும், ஃபோர்மேன் கத்துவார். அவர்தான் எழுத்துக் கோர்ப்பவர், மிஷின் ஓட்டுபவர், எங்கள் எல்லோருக்கும் மேஸ்திரி. நான் புரூஃப் பார்க்கிறவள்.

புரூஃப் பார்ப்பது என்றால் தனியாக உட்கார்ந்து பார்ப்பது இல்லை. எங்கள் அச்சகத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் அச்சிட்ட புரூஃபில் விரலை வைத்துக்கொண்டே தொடர்ந்து போவார். வாசிக்கிறவர் வார்த்தையை மட்டும் வாசித்தால் போதாது. கமா வந்தால் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு. முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு தட்டு. பழகிவிட்டால் பேச்சும் தட்டும் ஒன்றாகவே காதில் விழும். இன்றைக்கும் யாராவது விரலால் மேசையைத் தட்டினால் அந்த இடத்தில் ஒரு கமா விழுந்ததாகவே என் மனசு எடுத்துக்கொள்கிறது.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் ஒரு பயிற்சிப் புத்தகம் வந்தது. எழுதியவர் மலையில் ஒரு பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவர். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அவரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர், அதற்கு முந்தின மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. சர்ச்சில் தூரத்தில் பார்த்திருக்கலாம், முகம் ஞாபகமில்லை. புத்தகத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்கள் என்று ஃபோர்மேன் சொன்னார். பிரதி முழுக்க சாரின் கையெழுத்து, மணி மணியான கையெழுத்து.

பிரதியை வாசிக்கத் தானே வருவதாகச் சொன்னார். எழுதியவரே வந்து வாசிப்பது எங்களுக்கு வழக்கமில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஃபோர்மேனால் மறுக்க முடியவில்லை. தினமும் காலையில் குடையும் துணிப்பையுமாக வந்து என் எதிரில் உட்கார்வார். பெயர்ச்சொல், வினைச்சொல், காலங்கள் என்று அத்தியாயங்கள் தடையில்லாமல் போயின. கண்டபடி தட்டுகிறவர்களிடம் மாட்டி நொந்துபோயிருந்த எனக்கு அவர் தட்டு தேன் மாதிரி இருந்தது. எங்கே தேவையோ அங்கே, ஒரே அளவில். இப்படி ஒரு மனிதர் எனக்கு வாத்தியாராக வரவில்லையே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பிறகு 'ஆண்ட்', 'பட்' பற்றிய அத்தியாயம் வந்தது. அதன் தலைப்பில் ஒரு கட்டம் போட்டு விதியை எழுதியிருந்தார். இங்கிலீஷில் 'ஆண்ட்' அல்லது 'பட்' இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்த்தால், அதாவது இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்கிறவரும் செயலும் இருந்தால், அதற்கு முன் கமா போட வேண்டும். ஒரே ஆள் இரண்டு காரியம் செய்து, 'ஆண்ட்' அந்த இரண்டு வினைகளை மட்டும் சேர்த்தால் கமா வேண்டாம். இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள், வலது பக்கத்தில் ஆள் இருக்கிறாரா பார் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார். ரொம்பக் குட்டி வாக்கியங்களில் கமாவை விட்டுவிடுகிற வழக்கமும் உண்டு, ஆனால் பழகும் வரை போட்டுவிடு என்று அடியில் ஒரு குறிப்பு. இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் யாராலும் சொல்ல முடியாது.

கட்டத்துக்குக் கீழே உதாரண வாக்கியங்கள். "The fog came in, and the lamp went out" என்று வாசித்து, கமாவுக்கு ஒரு தட்டு தட்டினார். சரிதான். பனி வந்தது ஒரு காரியம், விளக்கு அணைந்தது வேறு காரியம், ஆளும் வேறு. "The dog barked, but nobody came." அதுவும் சரி. அடுத்தது: "She shut the window, and sat near the stove." தட்டினார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினவளும் அவள்தான், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அவள்தான். 'ஆண்ட்'டுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. விதியை எழுதி மை காய்வதற்குள் விதியை மீறியிருக்கிறார்.

"சார், இதுல கமா வராதுங்களே" என்றேன்.

அவர் பிரதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அப்படியே இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார். "She called the dog, but did not open the gate." அதிலும் தட்டு. அதற்கடுத்து "She peeled an orange, and gave him half." அதிலும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாம் தமிழில் 'ஜன்னலைச் சாத்திவிட்டு, அடுப்பருகே உட்கார்ந்தாள்' என்று எழுதுகிறோம். சாத்திவிட்டு என்றதும் ஒரு கமா போடுவது நமக்குக் கை வழக்கம், தமிழில் அதில் குற்றமே இல்லை. அதே கையோடு இங்கிலீஷ் எழுதினால் கமாவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே சேலத்தில் காலேஜில் எனக்கே அதற்காக எத்தனையோ முறை சிவப்புக்கோடு விழுந்திருக்கிறது. பெரிய வகுப்பு வாத்தியாரும் அதே குட்டையில்தானா என்று மனசுக்குள் ஒரு இளக்காரம் வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க போட்ட ரூல் மேல இருக்குது, அதை உடைக்கிறது கீழ இருக்குது. படிக்கிற புள்ளைங்க எதைங்க சார் நம்பும்? ஒன்பதாம் கிளாஸ் புள்ள இப்படி எழுதினா நீங்களே மார்க் வெட்டியிருப்பீங்க."

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார். பிரதியை மூடிப் பையில் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோர்மேன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "ஏனுங்க அம்மிணி, பொண்டாட்டியத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிற மனுசன்கிட்டப் பேசுற பேச்சுங்களா இது?" என்றார். "அந்தப் புஸ்தகம் பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வரோணும். இங்கிலீஷ்ல ஒரு தப்பு இருந்தாலும் எடுத்துக்க மாட்டோம்னு புஸ்தகம் வாங்குற பெரிய பள்ளிக்கூடத்துல சொல்லிப் போட்டாங்க. கமாவப் புடுங்கிப் போட்டு ஒரு ஸ்பேஸ் வெக்க எனக்கு எத்தன நேரமாகும்? அவரு சரின்னா போதுமுங்க." அவருக்கு அது ஈயத்துண்டு சமாச்சாரம்தான். நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான், அவர் ஈயத்தில் பார்த்ததை நான் விதியில் பார்த்தேன்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சார் வரவில்லை. புரூஃபை வைத்துக்கொண்டு நான் ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போய்விட்டது, ஃபோர்மேன் சர்ச் வரைக்கும் போயிருந்தார். ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அவர் செய்தது எத்தனை இடத்தில் என்று பார்த்துவிடலாம் என்று புத்தகம் முழுக்கப் புரட்டினேன். எனக்கு ஏமாற்றம். மற்ற எந்த அத்தியாயத்திலும் அந்தத் தப்பு இல்லை. கடிதம் எழுதும் பயிற்சியில், கட்டுரைப் பயிற்சியில், வினைகளை வரிசையாக அடுக்கிய நீண்ட வாக்கியங்களில்கூட ஒரு வேண்டாத கமா கிடையாது. தமிழ்க் கை என்றால் எல்லா இடத்திலும் வழுக்கியிருக்க வேண்டுமே. இந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும், 'அவள்' என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களில் மட்டும், விழுந்திருந்தது.

அந்த வாக்கியங்களை நானே வாசித்து நானே தட்டிப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினாள், தட்டு, அடுப்பருகே உட்கார்ந்தாள். நாயைக் கூப்பிட்டாள், தட்டு, கேட்டைத் திறக்கவில்லை. போர்வையை மடித்தாள், விளக்கைத் துடைத்தாள், ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தாள். தட்டும் இடத்திலெல்லாம் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அது வாசிக்கிறவள் எடுக்கிற மூச்சு மாதிரி இல்லை. யாரோ எடுக்க முடியாமல் எடுத்த மூச்சு என் வாய் வழியாக வருகிற மாதிரி இருந்தது. கை தட்டுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கேட்டது. ஓட்டிலிருந்து சொட்டின தண்ணீர்தான், அறிவுக்குத் தெரிகிறது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் புரூஃபைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வாசலில் வந்து நின்றுகொண்டேன். ஃபோர்மேன் வருகிற வரைக்கும் உள்ளே போகவில்லை.

அடுத்த நாள் புரூஃபை என் கையில் கொடுத்து, "நீங்களே போயிட்டு வாங்க அம்மிணி. உடைச்சவங்கதான் ஒட்ட வெக்கோணும்" என்றார் ஃபோர்மேன். சாரின் வீடு ஏரியைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் இருந்தது. அதுவரை நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

போனதில்லை என்றாலும் அந்த வீடு எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாத்திய கேட், அதற்குப் பின்னால் குரைத்தும் குரைக்காமலும் நிற்கிற செம்பழுப்பு நாய், வாசலில் இரண்டு ஆரஞ்சு மரம், அடுப்படிக்கு நேரே ஒரு ஜன்னல். எல்லாம் வாக்கியங்களில் படித்தவை. ஜன்னலைப் பார்த்ததும் அதன் கொக்கி எந்தப் பக்கம் என்று என் கண் போய்விட்டது, கொக்கி அங்கேதான் இருந்தது. இருந்து வாழ்ந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான்தான் என்கிற மாதிரி ஒரு பயம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. சார் என்னை அதில் உட்காரச் சொல்லவில்லை. நானும் அதன் பக்கம் போகவில்லை.

"அன்னைக்குப் பேசினது தப்புங்க சார்" என்றேன்.

"நீ சொன்னது தப்பில்லயே கண்ணு. சொன்னதெல்லாம் சரிதான்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

அந்த அத்தியாயத்து வாக்கியங்கள் அவருடையவை இல்லை. அந்த அம்மாவுக்குக் கடைசி வருஷம் மூச்சிரைப்பு. பனி இறங்கினால் படுக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பார். பொழுது போகட்டும் என்று வாக்கியம் சொல்லச் சொல்லி, இவர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த அம்மா கண்ணில் பட்டதையெல்லாம், அன்றைக்குச் செய்ததையெல்லாம், 'அவள்' என்று போட்டுச் சொல்வாராம்.

"ஒரு வாக்கியத்த ஒரே மூச்சுல சொல்ல முடியாது அவளுக்கு. பாதி சொல்லி நிறுத்துவா. நெஞ்சப் புடிச்சு ஒரு மூச்சு வாங்கிட்டுத்தான் 'ஆண்ட்'னு ஆரம்பிப்பா. அவ நிறுத்துன எடத்துல என் கை கமாப் போட்டிருக்குது. எழுதுறப்ப எனக்கே தெரியல. அவ போனதுக்கு அப்புறம் படிச்சுப் பாக்குறப்பத்தான் தெரிஞ்சுது. முப்பது வருசம் புள்ளைங்க நோட்டுல அந்தக் கமாவத்தான் செவப்பு மையில அடிச்சுக்கிட்டிருந்தேன் கண்ணு."

கையிலிருந்த புரூஃபில் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன்.

"அவ குரல் எதுலயும் இல்ல. டேப் கீப் எதுவும் நாங்க வெச்சுக்கல. அந்தத் தட்டுத் தட்டுறப்ப மட்டும் அவ மூச்சு வாங்குறது கேக்குது எனக்கு. அதுக்குத்தான் நானே வந்து வாசிக்கிறேன்னு சொன்னேன். கமாவ எடுத்துட்டா என்ன இருக்குது அங்க? ஜன்னலச் சாத்தி உட்கார்ந்தா. அவ்வளவுதான். யாரோ ஒரு பொம்பள."

"அப்படியே விட்டுட்டா?" என்றேன். கேட்கக் கூடாதுதான்.

"விட்டுட்டா அத்தனை புள்ளைங்களும் தப்பாப் படிக்கும். அவளும் வாத்தியார்தானே கண்ணு. அவ பேர்ல ஒரு தப்பு அச்சாகறத அவ பொறுத்துக்குவாளா? அதான் எனக்குத் தூக்கமில்ல."

நான் இரக்கப்பட்டு ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த இரண்டு பக்கமும் இடிக்கிற சங்கடத்தில் எனக்குத் தெரிந்தது விதி ஒன்றுதான், அதைத்தான் மனசுக்குள் மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். கமா வேண்டுமென்றால் அந்தப் பக்கம் ஆள் வேண்டும். ஆள் இல்லை, அதனால் கமா இல்லை. சட்டென்று, "அந்தப் பக்கமும் ஆளைப் போட்டுடலாங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரூஃபை எடுத்து 'ஆண்ட்'டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதி அவரிடம் நீட்டினேன். "She shut the window, and she sat near the stove." ஜன்னலைச் சாத்தினாள், அவள் அடுப்பருகே உட்கார்ந்தாள். இப்போது இரண்டு பக்கமும் முழு வாக்கியம். கமா இருக்கலாம் என்பது இல்லை, இருக்கத்தான் வேண்டும். எந்தப் பெரிய பள்ளிக்கூடமும் அதை எடுக்கச் சொல்ல முடியாது.

சார் அதை வாங்கி வாசித்தார். மேசை இல்லை, தன் முழங்காலிலேயே தட்டினார். தட்டிவிட்டு, மூச்சு வாங்கி, 'ஆண்ட் ஷீ' என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியமில்லாமல் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொருக்காக் கூப்புட்ட மாதிரி இருக்குதே கண்ணு" என்றார். அன்றைக்கு அந்த அத்தியாயத்தில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்திலும் அவரே தன் கையால் அந்த அம்மாவை அந்தப் பக்கமும் கொண்டுவந்து நிறுத்தினார். நாயைக் கூப்பிட்டாள், ஆனால் அவள் கேட்டைத் திறக்கவில்லை. ஆரஞ்சை உரித்தாள், அவள் அவனுக்குப் பாதி கொடுத்தாள். காய்ச்சல்காரர் கண் மாதிரி அவர் கண் பளபளத்தது. கிளம்பும்போது இரண்டு ஆரஞ்சு பறித்து என் கையில் திணித்தார்.

நான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு ஏற்றம் இறங்கி அச்சகத்துக்கு வந்தேன். ஃபோர்மேன்தான் தலையில் அடித்துக்கொண்டார். கமாவை எடுப்பது அவருக்குச் சுலபம். வார்த்தையைச் சேர்த்தால் வரி நிறைந்து அடுத்த வரிக்கு வழியும், அந்த வரி அதற்கு அடுத்ததைத் தள்ளும், பக்கமே நகரும். "ஒட்ட வெக்கச் சொன்னா ஊட்டையே இடிச்சுக் கட்டச் சொல்றீங்களே அம்மிணி" என்று புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்துக் கோர்த்தார். எப்போதும் சாப்பாட்டு மணிக்கு முதல் ஆளாக எழுந்துவிடும் மனிதர் அன்றைக்கு எழவில்லை.

புதிய புரூஃப் வந்தது. அப்போதுதான் என் சாமர்த்தியத்தின் லட்சணம் தெரிந்தது. எல்லா வாக்கியத்திலும் இருந்த கமா இப்போது சரியாகிவிட்டது. விதியின் முதல் பாதிக்கு உதாரணம் குவிந்து கிடக்கிறது, இரண்டாம் பாதிக்கு ஒன்றுகூட இல்லை. கமா தேவையா இல்லையா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டிய பயிற்சியில் எல்லாவற்றுக்கும் 'தேவை' என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். ஒரே ஆள் இரண்டு காரியம் செய்கிற வாக்கியம், கமா இல்லாத வாக்கியம், சில வேண்டும். எதிலிருந்து எடுப்பது? இப்போதுதான் இரண்டாம் முறை வந்து நின்றவளை, அவர் கையாலேயே மறுபடி வெளியே அனுப்பச் சொல்ல வேண்டும். அதை நான் எப்படிச் சொல்வேன்? நானே நாலு வாக்கியம் எழுதிச் சேர்த்துவிடலாமா என்று பார்த்தேன். புத்தகம் அவர்களுடையது, என் வாக்கியம் அதில் நுழைவது திருட்டு மாதிரி பட்டது.

சார் வந்ததும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கிற குணம் எனக்கில்லை, அதனால் பட்ட பாடும் கொஞ்சமில்லை. அவர் புரூஃபை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது, வாத்தியார் அல்லவா. முகம் மட்டும் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அவளோடதுல கை வெக்க வேண்டாம் கண்ணு. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். "இதுக்கு வேணுங்கறத நான் எழுதிட்டு வரேன். என்னால முடியும்னு நெனைக்கிறேன்."

ஒரு வாரம் அவரைக் காணவில்லை. ஃபோர்மேன் தினமும் வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த வீட்டு ஞாபகமாகவே இருந்தது. பஸ்ஸில் போகும்போது, சோறு தின்னும்போது, யாரோ அடுப்படி ஜன்னல் கொக்கியைப் போடுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பேன். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசியிராத ஒரு மனுஷிக்காக நான் இப்படி அலைக்கழிவது அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

பிறகு ஒரு காலையில் சார் வந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். எழுதிய தாளை ஃபோர்மேனிடம் கொடுத்தார். ஃபோர்மேன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு உடனே கோர்த்து, மை தடவி, புரூஃப் எடுத்து என் மேசையில் ஈரத்தோடு வைத்தார். சார் எதிரில் உட்கார்ந்து பென்சிலைக் கையில் எடுத்தார். வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தோம்.

அந்த அம்மாவின் வாக்கியங்கள் முதலில். ஜன்னல், அடுப்பு, நாய், கேட், ஆரஞ்சு. ஒவ்வொன்றிலும் தட்டினார், ஒவ்வொன்றிலும் மூச்சு வாங்கினார், ஒவ்வொன்றிலும் 'ஆண்ட்'டுக்கு அந்தப் பக்கம் அவள் வந்தாள். என் விரல் புரூஃபில் நடுங்காமல் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் எனக்கும் அது பழகியிருந்தது. யார் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார் என்று தெரிந்த பிறகு பயம் இல்லை.

அதற்குக் கீழே புதிய வாக்கியங்கள். எல்லாம் 'அவன்' என்று ஆரம்பித்தன.

"He opens the gate and calls the dog." கேட்டைத் திறக்கிறான், நாயைக் கூப்பிடுகிறான். தட்டு இல்லை, கடைசியில் புள்ளிக்கு மட்டும் இரண்டு. "He peels an orange and eats it." ஆரஞ்சை உரித்துத் தின்கிறான். யாருக்கும் பாதி இல்லை. அவர் எங்கும் நிறுத்தவில்லை, குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. அவருக்கு நெஞ்சில் ஒரு குறையும் கிடையாது, எவ்வளவு நீளமான வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "He lays two plates but washes only one." சாப்பாட்டுத் தட்டு இரண்டு எடுத்து வைக்கிறான், ஒன்றை மட்டும் கழுவுகிறான்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடுமே என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மிஷின் சத்தம் நின்றிருந்தது. ஃபோர்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே துடைத்த எழுத்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சார் தாளைக் கீழே வைத்தார். "ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். "இதுல எங்கியாச்சும் கமா வேணுமா? நொம்ப நாளாச்சு, எனக்கு இப்ப எம் மேலயே நம்பிக்கையில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக மறுபடி பார்த்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றிலும் 'ஆண்ட்'டுக்கும் 'பட்'டுக்கும் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். கூப்பிடுகிறான், தின்கிறான், கழுவுகிறான். எங்கேயாவது ஒன்றில் இருந்துவிடக் கூடாதா என்றுதான் தேடினேன்.

"வேண்டாமுங்க சார்" என்றேன். "எதுக்குமே வேண்டாமுங்க."